கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும்

ஐப்பசி மழைக்கு முன்பாகவே அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் அருகிலும், ரேஷன் கடைச் சுவரிலும், ஊராட்சி அலுவலக வாசலிலும் ஒரு சிறிய அறிவிப்பு ஒட்டப்பட்டுவிடுகிறது. “வாரம் ஒரு நாள் உலர் தினம். வீட்டில் சேமித்து வைத்திருக்கும் தண்ணீரைக் கொட்டி, பாத்திரங்களைச் சுத்தம் செய்யுங்கள். டெங்குவைத் தடுப்போம்.” மூன்று வரிதான். படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த மூன்று வரிக்குள் ஒரு கொசுவின் வாழ்க்கைக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. கணக்குப் புரிந்தவர் செய்யும் உலர் தினமும் புரியாதவர் செய்யும் உலர் தினமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பலனில்தான் வித்தியாசம் தெரியும்.

கேரளத்தில் இதற்கென ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடங்கள், சனிக்கிழமை அலுவலகங்கள், ஞாயிற்றுக்கிழமை வீடுகள் என்று நாள் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவிய 2017-இல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் டெங்கு தடுப்பு நாள் என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு மாநிலத்தில் 20 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு பாதித்தது. எந்தக் கிழமை என்பது ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் எல்லா ஊரிலும் இடைவெளி ஒன்றுதான்: ஏழு நாள். மாதம் ஒருமுறை என்றோ பத்து நாளுக்கு ஒருமுறை என்றோ யாரும் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது.

ஏழு நாள் எங்கிருந்து வந்தது?

டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும். பகலில் கடிக்கும். சாக்கடையை இது பெரும்பாலும் தேடிப் போவதில்லை. நாம் குளிக்கவும் துவைக்கவும் பிடித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீர்தான் இதற்குப் பிடித்தமானது. அதனால்தான் தெருவைச் சுத்தமாக வைத்திருக்கும் பகுதியிலும் டெங்கு வருகிறது.

பெண் கொசு இரத்தம் குடித்த இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தயாராகிவிடும். முட்டை புழுவாகும், புழு நான்கு முறை தோலுரித்து வளரும், பிறகு கூட்டுப்புழுவாகும், அதிலிருந்து கொசு பறக்கும். நம் ஊர் வெயிலில் இந்த வளர்ச்சிக்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆகும்.

ஒரு வீட்டை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஞாயிறு காலையில் அந்த வீட்டில் நீல டிரம்மைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு கொசு வந்து அதில் முட்டையிடுகிறது. முட்டைக்குள் கரு முதிர இரண்டு நாள். புதன்கிழமை புழு வெளிவருகிறது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் புழு தின்று வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது அது இன்னும் புழுதான், அதற்குச் சிறகு இல்லை. அன்று தண்ணீரைக் கொட்டினால் அந்தத் தலைமுறையே முடிந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட்டால், திங்கள் அல்லது செவ்வாயில் அது கூட்டுப்புழுவாகி, புதன் வியாழனுக்குள் வீட்டுக்குள் பறக்கத் தொடங்கிவிடும். ஒரு கொசு ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும் என்பதால், தவறிய ஒரு வாரத்தின் விலை ஒன்றிரண்டு கொசுவாக இருப்பதில்லை.

ஆக, வாரம் ஒரு நாள் என்பது வசதிக்காகச் சொன்னது அல்ல. முட்டையிலிருந்து சிறகு முளைக்கும் வரையிலான குறைந்தபட்சக் காலத்தை ஒட்டி வைத்த கெடு அது.

முட்டை தண்ணீரில் இருப்பதில்லை

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அறிவிப்பில் “சுத்தம் செய்யுங்கள்” என்ற ஒற்றைச் சொல்லில் மறைந்திருப்பது அந்த நிபந்தனைதான்.

ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஈரம் படிந்திருக்கும் பகுதியில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்பு முட்டைகள். வெளிறிய பக்கெட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தியதுபோலத் தெரியும். சிமென்ட் தொட்டியிலும் கறுத்த டிரம்மிலும் கண்ணுக்கே அகப்படாது.

கரு முதிர்ந்தபின் இந்த முட்டைக்குத் தண்ணீர் தேவையில்லை. பாத்திரம் காய்ந்து கிடந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் மட்டம் ஏறி முட்டையை நனைத்தால், சில மணி நேரத்தில் பொரித்துவிடும். எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் பொரிப்பதும் இல்லை. சில முதல் நனைவில், சில இரண்டாவது, மூன்றாவது நனைவில் என்று தவணை தவணையாகப் பொரிக்கும்.

இப்போது அந்த நீல டிரம்முக்குத் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, உடனே குழாயைத் திறந்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். உட்சுவரில் போன வாரத்து முட்டைகள் அப்படியே ஒட்டியிருக்கின்றன. தண்ணீர் ஏற ஏற அவை நனைகின்றன. இவற்றுக்கு முதிர வேண்டிய இரண்டு நாளும் ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஞாயிறு மாலையே புழு வெளிவரும். வெயில் காலத்தில், தின்ன நிறையக் கிடைத்தால், வெள்ளிக்கிழமைக்குள் கூட்டுப்புழு. சனி, ஞாயிறில் கொசு. அடுத்த உலர் தினத்துக்கு டிரம்மைக் கவிழ்க்கக் கை வைக்கும்போது, சில கொசுக்கள் ஏற்கெனவே பறந்து போயிருக்கும்.

வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டிய வீட்டிலும் கொசு குறையாததற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். கொட்டுவது புழுவை ஒழிக்கும். முட்டையை ஒழிப்பது தேய்ப்பது மட்டும்தான்.

வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது. “நேத்துதான் தொட்டியக் கழுவுனேன் தம்பி” என்றார் வீட்டுக்கார அம்மா. “கழுவுனீங்க சரிக்கா, தேய்ச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அந்த இளைஞர் டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்தார். வெளிச்சம் பட்டதும் மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின. ஏடிஸ் புழு வெளிச்சத்தைக் கண்டால் கீழே இறங்கும். ஒரு நிமிடம் அசையாமல் காத்திருந்தால் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். தொட்டியில் புழு இருக்கிறதா இல்லையா என்று நாமே பார்த்துக்கொள்ள இந்த ஒரு நிமிடப் பொறுமை போதும். எட்டிப் பார்த்துவிட்டு உடனே “ஒன்றுமில்லை” என்று சொல்லக் கூடாது. காற்புள்ளி வடிவில் சுருண்டு மிதப்பவை தெரிந்தால் அவை கூட்டுப்புழுக்கள். இரண்டே நாளில் பறக்கப் போகின்றன என்று அர்த்தம். அன்றே கொட்டிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க நேரமில்லை.

தேய்க்கும் முறை

பாத்திரத்தைக் காலி செய்தபின் சொரசொரப்பான பிரஷ் அல்லது தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். அடியைவிட, வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்துக்கு அழுத்தித் தேய்ப்பதே முக்கியம். முட்டை இருப்பது அந்தப் பட்டையில்தான். விளிம்பின் மடிப்பு, டிரம்மின் வளையப் பள்ளம், சிமென்ட் தொட்டியின் மூலைகள் ஆகியவற்றையும் விடக் கூடாது. பாசி படிந்திருந்தால் அதற்குள் முட்டை பத்திரமாக இருக்கும், ஆகவே பாசி முழுவதும் போக வேண்டும்.

சிமென்ட் தொட்டி சொரசொரப்பானது, வெறும் தேய்ப்புக்கு எல்லா முட்டையும் வராது. அதற்கு பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் குழைத்து உட்சுவரில் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவலாம். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் துணி துவைக்கும் தொட்டிகளுக்கு இதேபோல் பிளீச்சும் சோப்புத் தூளும் சேர்த்துப் பூசும் முறையைக் குடும்பப் பெண்களிடையே பரப்பினார்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் பிளீச்சிங் பவுடருடன் சேர்த்துவிடக் கூடாது, நச்சு வாயு வெளிவரும். பூசியபின் நன்றாக அலசிவிட்டுத் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கொட்டும் தண்ணீரை வெயில் படும் மண்தரையில் ஊற்றுங்கள். மண் உறிஞ்சிக்கொள்ளும், புழு காய்ந்து சாகும். பக்கத்துக் குழியிலோ இன்னொரு தொட்டியிலோ ஊற்றினால் புழுவுக்கு வீடு மாற்றிக் கொடுத்ததாகிவிடும்.

பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில்

அறிவிப்பை எழுதுபவர் மறந்துவிடும் ஒரு கேள்வி இது. குழாயில் ஐந்து நாளுக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோதான் தண்ணீர் வருகிற தெருவில், “சேமித்த தண்ணீரைக் கொட்டுங்கள்” என்றால் யார் கேட்பார்கள்? விலை கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கியவர் ஏன் கொட்ட வேண்டும்? தமிழ்நாட்டில் ஏடிஸ் கொசு மழையில்லாத மாதங்களிலும் பெருகக் காரணமே இந்தச் சேமிப்புதான். தண்ணீர் தட்டுப்பாடு எங்கே அதிகமோ அங்கே டிரம்மும் சிமென்ட் தொட்டியும் அதிகம், கொசுவும் அதிகம். இவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி அந்த விதியைச் சொல்லத் தெரிய வேண்டும்.

விதியின் சாரம் இதுதான்: எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் ஏழு நாளைத் தாண்டித் திறந்திருக்கக் கூடாது. இதைக் கடைப்பிடிக்கத் தண்ணீரை வீணாக்கத் தேவையில்லை.

ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால், தண்ணீர் வரும் நாளையே உலர் நாளாக வைத்துக்கொள்ளலாம். பாத்திரங்கள் தாமாகவே காலியாகும் நாள் அது. குழாயைத் திறக்கும் முன் தேய்த்துவிட வேண்டியதுதான் பாக்கி. தெருவுக்கே ஒரே நாளில் தண்ணீர் வருவதால், தெரு முழுவதும் ஒரே நாளில் சுத்தமும் நடந்துவிடும்.

பத்து நாளுக்கு ஒருமுறை என்றால், பாத்திரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று டிரம் இருக்கும் வீட்டில் மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு செலவழித்தால் பத்தாம் நாள் வரை மூன்றிலும் தண்ணீர் நிற்கும், மூன்றிலும் கொசு வளரும். அதற்குப் பதில் முதல் டிரம்மை முழுவதும் தீர்த்து, தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டாவதைத் திறக்கலாம். நிரப்பிய தேதியை டிரம்மின் மேல் சாக்பீஸால் எழுதிவைத்தால் குழப்பம் வராது. ஏழாம் நாளும் நிரம்பியிருக்கும் டிரம்மின் தண்ணீரை வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதன் வழியே வடிகட்டி, தேய்த்துக் காலியாக வைத்திருக்கும் டிரம்முக்கு மாற்றலாம். புழுவும் கூட்டுப்புழுவும் துணியில் தங்கிவிடும், தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாது. துணியை வெயிலில் காயப்போட்டால் போதும்.

காத்திருக்கும் டிரம்களை மூட வேண்டும். மூடி என்றால் முழு மூடி. பலகையைச் சாய்த்து வைப்பதும், குழாய் போக ஓரத்தில் அரைவட்டம் வெட்டிய பிளாஸ்டிக் மூடியும் கொசுவுக்கு உதவிதான் செய்கின்றன. சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே அது நுழைந்துவிடும். இருட்டும் ஈரமும் அதற்கு மிகவும் பிடிக்கும். இரட்டைத் துணியைப் போட்டு விளிம்பைச் சுற்றி எலாஸ்டிக்காலோ கயிற்றாலோ இறுக்கிக் கட்டுவது நல்ல மூடி. நடுவில் தொய்ந்து தண்ணீரில் படக் கூடாது, நனைந்த துணியிலேயே அது முட்டையிட்டுவிடும். மேல்நிலைத் தொட்டியின் மூடியையும், காற்றுக்குழாய் வாயில் வலை இருக்கிறதா என்பதையும் மாதம் ஒருமுறை மாடி ஏறிப் பார்த்துவிட வேண்டும்.

காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளுக்குத்தான் பணியாளர்கள் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். டெமிஃபாஸ் என்ற அந்த மருந்து, உரிய அளவில் வீட்டு உபயோகத் தண்ணீரில் கலக்க அனுமதிக்கப்பட்டது. வாடை வருகிறது என்று அன்றைக்கே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பவர்கள் உண்டு. அப்போது மருந்து போய்விடும், தேய்க்காத சுவரில் முட்டை இருக்கும். மருந்து கொல்வது புழுவை. முட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, கூட்டுப்புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே மருந்து ஊற்றிய வீட்டிலும் தேய்க்கும் வேலை மிச்சம் இருக்கிறது.

நாம் சேமிக்காத தண்ணீர்

டிரம்மும் தொட்டியும் நாம் தெரிந்து பிடித்து வைப்பவை. தெரியாமல் சேர்பவை தனி. ஃபிரிட்ஜின் பின்புறம் கீழே ஒரு தட்டு இருக்கும். உறைபனி உருகிய தண்ணீர் அதில் சொட்டும். வாங்கிய நாளிலிருந்து அந்தத் தட்டை வெளியே எடுத்தே பார்க்காத வீடுகள் ஏராளம். பூந்தொட்டியின் அடித்தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், ஏர்கூலர், எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலடியில் வைத்த கிண்ணம், உபயோகிக்காத கழிவறை, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மாடியில் போட்ட பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு மூடி அளவு தண்ணீர் ஒரு வாரம் நின்றால் போதும். இவற்றில் தண்ணீர் நமக்குத் தேவையே இல்லை என்பதால் வேலை சுலபம். ஆட்டுக்கல் குழியை மணலால் நிரப்பிவிடலாம், டயரை அப்புறப்படுத்திவிடலாம், சிரட்டையைக் கவிழ்த்துவிடலாம். ஒருமுறை செய்தால் வாராவாரம் பார்க்கும் பட்டியல் சுருங்கும்.

இந்தப் பட்டியலுக்கு முக்கியத்துவம் வரக் காரணம் கொசுவின் இன்னொரு வழக்கம். பெண் ஏடிஸ் தன் முட்டை அனைத்தையும் ஒரே இடத்தில் இடுவதில்லை. டிரம்மில் கொஞ்சம், பூந்தொட்டித் தட்டில் கொஞ்சம், பக்கத்து வீட்டுச் சிரட்டையில் கொஞ்சம் என்று பிரித்து இடும். டிரம்மை மட்டும் தேய்த்துவிட்டு ஃபிரிட்ஜ் தட்டை மறந்தால் அடுத்த தலைமுறை அங்கிருந்து கிளம்பும். நம் வீட்டில் எல்லாவற்றையும் முடித்து, பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் அங்கிருந்து வரும். இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. நம்மைக் கடிப்பது நம் தெருக் கொசு. தெருவே சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வற்புறுத்துவது இதனால்தான். ஆளில்லாத வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, கட்டுமான இடத்தில் கியூரிங் தண்ணீரை யார் பார்ப்பது என்பதைக் குடியிருப்போர் சங்கமே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தடுப்பூசி இல்லாமலே இதே கொசுவை அடக்கிய ஊர் உண்டு. கியூபாவின் ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது இந்தக் கொசுதான் என்று கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் 1881-இல் சொன்னார். 1900-இல் அது சோதனையில் உறுதியானது. அடுத்த ஆண்டே இராணுவ மருத்துவர் வில்லியம் கார்கஸ் வீடு வீடாக ஆய்வாளர்களை அனுப்பித் தண்ணீர்ப் பீப்பாய்களை மூடவைத்தார், மூட முடியாதவற்றில் எண்ணெய் விடச் செய்தார். பல தலைமுறைகளாக அந்நகரை வாட்டிய மஞ்சள் காய்ச்சல் சில மாதங்களிலேயே ஓய்ந்தது. 

பலன் எப்போது தெரியும்?

புகை அடித்தவுடன் கொசு குறைந்ததுபோலத் தோன்றும். அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தொட்டிப் புழுவைத் தொடாது. உலர் தினம் இதற்கு நேர்மாறானது. புழுவையும் முட்டையையும் ஒழிக்கும், ஏற்கெனவே பறக்கிற கொசுவை ஒன்றும் செய்யாது. வளர்ந்த பெண் கொசு இரண்டு முதல் நான்கு வாரம் உயிரோடு இருக்கும். ஆகவே முதல் ஞாயிறு தேய்த்துவிட்டுத் திங்கட்கிழமை கொசு கடிக்கிறதே என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தால்தான் பழைய கொசுக்கள் சாகும், புதியவை வராது, எண்ணிக்கை விழும்.

விழுகிறதா என்று எண்ணிப் பார்க்கவும் வழி இருக்கிறது. பொதுச் சுகாதாரத் துறையினர் நூறு வீட்டைச் சோதித்து, எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று சதவீதமாகக் குறித்துக்கொள்வார்கள். ஒரு தெருவும் இதைச் செய்யலாம். நாற்பது வீட்டில் பத்து வீட்டுத் தண்ணீரில் புழு இருந்தால் 25 சதவீதம். நான்கு வாரம் கழித்து அதே வீடுகளில் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்து இரண்டு வீட்டில் மட்டும் இருந்தால் 5 சதவீதம். வேலை நடந்திருக்கிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். எண்ணிக்கை குறையவில்லை என்றால், எந்தப் பாத்திரத்தில் புழு கிடைத்தது என்ற குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் தேய்க்காத சிமென்ட் தொட்டியோ, பூட்டிய வீடோ, மூடி சரியில்லாத டிரம்மோ அதில் திரும்பத் திரும்ப வரும்.

அந்தச் சில வாரத்துக்குள் தெருவில் யாருக்காவது டெங்கு வந்துவிட்டால், உலர் தினம் மட்டும் போதாது. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாளில் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் அதிகமாக இருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசு எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து அதை மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கும். நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுத்திருக்க வேண்டும், முழுக்கை உடை அணிய வேண்டும். அடுத்த ஞாயிறு வரை காத்திராமல் அன்றைக்கே சுற்றியுள்ள வீடுகளின் தொட்டிகளைத் தேய்த்துவிட வேண்டும்.

இனி அறிவிப்பு எழுதுபவர்கள் அதில் மூன்று சொற்களைச் சேர்த்தால் நல்லது. “கொட்டுங்கள்” என்பதற்குப் பக்கத்தில் “தேயுங்கள்” என்றும், கொட்ட முடியாதவர்களுக்கு “இறுக மூடுங்கள்” என்றும், “வாரம் ஒரு நாள்” என்பதற்குப் பதில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் கிழமையின் பெயரையும் எழுதிவிடலாம். வாசிப்பவருக்கு எந்த நாளில் எந்தப் பாத்திரத்தில் கை வைக்க வேண்டும் என்பது அப்போது சந்தேகமில்லாமல் தெரியும்.